நான்கு பேர், ஒரு புராஜெக்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை

"நீ முன்னுரை எழுது. முடிவுரைய நான் பாத்துக்கறேன். சர்வே அவன். டைப்பிங் உன் பொறுப்பு."

கல்லூரி கேன்டீனில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் பங்கீடு இது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். ஆளுக்கு ஓர் இயல் வந்துவிட்டதே என்று எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஆனால், குழு புராஜெக்ட்டுகள் கடைசி இரவில் திணறுவதற்குப் பெரும்பாலும் இந்தப் பேச்சுதான் காரணம். அறிக்கையில் இயல்கள் அடுக்கப்படும் வரிசை ஒன்று. அந்த இயல்களுக்கான வேலை நடக்க வேண்டிய வரிசை வேறொன்று. முன்னுரை எழுதுபவர் மூன்றே நாளில் முடித்துவிட்டு ஓய்வாக இருப்பார். முடிவுரைக்காரரோ மற்ற மூவரும் முடிக்கும்வரை கைகட்டி உட்கார்ந்திருப்பார். எல்லாம் வந்து சேரும்போது அவருக்கு மிஞ்சுவது ஒரு ராத்திரி. பிறகு, "அவதான் லேட் பண்ணிட்டா" என்ற பழியும் அவர் தலையில்தான் விழும்.

ஒரு புராஜெக்ட்டை முதல் நாளிலிருந்து சமர்ப்பிக்கும் நாள்வரை பிரித்துப் பார்த்தால் எங்கே என்ன சிக்குகிறது என்பது தெரியும். மதுரையில் பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான்கு பேரை எடுத்துக்கொள்வோம். வசதிக்காக மலர், செல்வி, பிரபு, கார்த்திக் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். தலைப்பு: உழவர் சந்தையால் வாங்குபவருக்கு எவ்வளவு மிச்சம்? தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. ஆகவே மதுரை மாணவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தலைப்பு. ஐந்து காய்கறிகளின் விலையைச் சந்தையிலும் தள்ளுவண்டியிலும் ஒப்பிட வேண்டும். சந்தைக்கு வரும் 60 பேரிடம் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். நாற்பது பக்க அறிக்கை, பிறகு வைவா. இன்று 2-ம் தேதி, திங்கட்கிழமை. சமர்ப்பிக்க வேண்டியது 25-ம் தேதி, புதன்கிழமை.

எதற்கு எது காத்திருக்கிறது?

யார் எதைச் செய்வது என்று பேசும் முன், எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முடிவுரைக்கு அட்டவணைகள் வேண்டும். அட்டவணைக்கு, 60 கேள்வித்தாள்களும் கணினியில் ஏறியிருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் சர்வே முடிந்திருக்க வேண்டும். சர்வேக்கு முன் கேள்வித்தாள் தயாராகி, நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்தி, வழிகாட்டும் பேராசிரியர் சரி சொல்லி, ஜெராக்ஸ் எடுத்திருக்க வேண்டும். இது ஒரு நீண்ட சங்கிலி. இதில் ஒரு கண்ணி ஒரு நாள் தள்ளினால் கடைசிக் கண்ணியும் ஒரு நாள் தள்ளும்.

உழவர் சந்தை வரலாறு, இதே தலைப்பில் முன்பு நடந்த ஆய்வுகள் ஆகிய இரண்டும் இந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்பவை. அவற்றை எழுத யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதனாலேயே எல்லாக் குழுவும் அவற்றிலிருந்து தொடங்குகிறது. அறிக்கையிலும் அவைதான் முதலில் வருகின்றன. முதல் வாரம் முழுக்க நூலகத்தில் போகும். சுறுசுறுப்பாக வேலை நடப்பது போலத் தெரியும். ஆனால், சங்கிலி ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

நம் நால்வரும் முதலில் போட்ட நாட்காட்டியும் அப்படித்தான் இருந்தது. முதல் வாரம் படிப்பு; 7-ம் தேதி சனிக்கிழமை ஐந்து பேரிடம் முன்னோட்டம்; 9-ம் தேதி பேராசிரியரின் ஒப்புதல்; 14, 15 சனி, ஞாயிறு சர்வே; 16, 17 கணினியில் ஏற்றுவது; 18, 19 அட்டவணை; 20, 21 ஆய்வுரை; 22 ஞாயிறு எல்லாவற்றையும் சேர்ப்பது. காகிதத்தில் எல்லாம் பொருந்துகிறது. 14-ம் தேதி காலையில் மழை கொட்டினால் என்ன ஆகும்? வாங்க வருபவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே தவிர நின்று பதில் சொல்ல மாட்டார்கள். அடுத்த வார இறுதி 21, 22. அன்றுதான் சேர்க்கும் நாள். ஆக, இந்த நாட்காட்டியில் ஒரு மழைக்குக்கூட இடமில்லை.

திருத்துவது எளிது. சங்கிலியை முன்னால் இழுத்து, சங்கிலிக்கு வெளியே இருப்பதைப் பின்னால் தள்ள வேண்டும். 3-ம் தேதி கேள்வித்தாள் வரைவு. 4-ம் தேதி பேராசிரியர் மேஜையில். 5-ம் தேதி காலையில் வகுப்புக்கு முன் சந்தையில் ஐந்து பேரிடம் முன்னோட்டம். 6-ம் தேதி திருத்தி, ஜெராக்ஸ். 7, 8 சனி, ஞாயிறு காலைகளில் சர்வே. 9 முதல் 11 வரை ஏற்றிச் சரிபார்ப்பது. 12 முதல் 14 வரை அட்டவணைகள். 16 முதல் 18 வரை ஆய்வுரை. வரலாறும் முந்தைய ஆய்வுகளும் 14-ம் தேதிக்குள் வந்தால் போதும். 7-ம் தேதி மழை பெய்தால் 14, 15 கைவசம் இருக்கிறது. நாட்கள் அவையேதான், வேலையும் அதேதான். தொடங்கும் இடத்தை மாற்றியதில் ஒரு முழு வார இறுதி கிடைத்துவிட்டது.

பக்கமல்ல, மணி நேரம்

இனிதான் பங்கீடு. பக்கக் கணக்கில் பிரித்தால் சர்வே எடுப்பவருக்கு அநியாயம் நடக்கும். இரண்டு நாள் வெயிலில் நின்றதற்கு அறிக்கையில் ஒரு பக்கம்கூட வராது. மணி நேரத்தில் பிரிப்பதுதான் சரி. இந்தப் புராஜெக்ட்டுக்கு நான் போடும் மதிப்பீடு இது: கேள்வித்தாளும் முன்னோட்டமும் 8 மணி நேரம், ஆறு காலைகள் விலை எடுப்பது 10, சர்வே 15, கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பது 7, அட்டவணைகளும் வரைபடங்களும் 10, வரலாறும் முந்தைய ஆய்வுகளும் 15, ஆய்வுரையும் முடிவுரையும் 12, வடிவமைப்பு, மேற்கோள் பட்டியல் 8. மொத்தம் 85 மணி நேரம். ஆளுக்குச் சுமார் 21.

இந்த 21-ஐ அப்படியே நம்பக் கூடாது. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியலாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வொன்று கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களைப் பற்றியது. எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில்களின் சராசரி சுமார் 34 நாள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு வந்த சராசரி 49-ஐத் தாண்டவில்லை. அதாவது, அவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலையையும் நடைமுறை தாண்டிவிட்டது. தன் வேலையைத் தானே மதிப்பிடும் எவரும், அது தடையில்லாமல் நடக்கும் காட்சியைத்தான் மனதில் ஓட்டிப் பார்க்கிறார். போன தடவை எவ்வளவு நாள் ஆயிற்று என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

34-க்கு 55 என்பது ஒன்றுக்கு ஒன்றரை மடங்கிற்கும் மேல். அதே அளவில் கூட்டினால் ஆளுக்கு 21 மணி நேரம் என்பது 34 மணி நேரமாகிறது. இருபத்து மூன்று நாளில், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். இந்த எண்ணை முதல் நாளே நால்வரும் கேட்டுவிடுவது நல்லது. மாலையில் பகுதிநேர வேலைக்குப் போகிறவர், ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர் எவராவது இருந்தால், "எனக்கு வார நாள்ல முடியாது, சனி ஞாயிறுல கூடச் செய்யறேன்" என்று அப்போதே சொல்ல முடியும். இரண்டாம் வாரத்தில் சொன்னால் அது சாக்காகத் தெரியும். முதல் நாளில் சொன்னால் அது திட்டத்தின் ஒரு பகுதி.

சர்வேயை நால்வரும் இரண்டு ஜோடிகளாகச் சேர்ந்து எடுக்கிறார்கள். மற்றபடி, கேள்வித்தாளும் ஆய்வுரையும் மலருக்கு. என்ன கேட்க வேண்டும் என்று யோசித்தவரே பதில்களை விளக்குவது பொருத்தம். கணினியில் ஏற்றுவதும் அட்டவணைகளும் செல்விக்கு. வரலாறும் முந்தைய ஆய்வுகளும் பிரபுவுக்கு. விலை எடுப்பது, சந்தை நிர்வாக அலுவலரிடம் துறையின் கடிதத்தைக் கொடுத்து அனுமதி வாங்குவது, வடிவமைப்பு, மேற்கோள் பட்டியல் ஆகியவை கார்த்திக்குக்கு. ஒவ்வொரு வேலைக்கும் துணை ஆள் ஒருவர் உண்டு. செல்விக்கு கார்த்திக் துணை, மலருக்கு பிரபு துணை என்கிற மாதிரி. துணை ஆள் கூடவே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியதில்லை. கோப்பு எங்கே இருக்கிறது, வேலை எதுவரை வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். காய்ச்சல் யாருக்கு வேண்டுமானாலும் வரும்.

பெயர் போட்டுப் பிரிப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மேக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913-ல் முடிவுகளை வெளியிட்டார். தனியாக இழுக்கும் ஒருவரின் பலத்தை 100 என்று வைத்தால், நான்கு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 77 ஆகக் குறைந்தது. எட்டுப் பேரானபோது 49. ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்க முடியாததால் வரும் இழப்பும் அதில் உண்டு. ஆனால் அது மட்டுமல்ல என்பதை அமெரிக்காவில் பிப் லட்டானேயும் உடன் ஆய்வாளர்களும் 1979-ல் காட்டினார்கள். கைதட்டவும் கத்தவும் சொன்னபோது, கூட்டத்தில் இருக்கிறோம் என்று நினைத்தவர்கள் தனியாக இருந்தபோது போட்ட அளவு சத்தம் போடவில்லை. ஒவ்வொருவர் எழுப்பும் சத்தமும் தனித்தனியே பதிவாகிறது என்று நம்ப வைத்தபோது அந்தக் குறைவு மறைந்துவிட்டது. இதைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. "எல்லாரும் சேர்ந்து டேபிள் போடுவோம்" என்ற ஏற்பாட்டில் இருக்கும் கோளாறு இதுதான். அந்த நான்கு பேரும் சோம்பேறிகள் அல்ல. எது யாருடையது என்று தெரியாத வேலையில் எவர் கையும் கொஞ்சம் தளரும்.

முருங்கைக்காய் கிலோ என்ன விலை?

பங்கு பிரித்த கையோடு, பங்குகள் எந்த இடத்தில் ஒட்டப் போகின்றன என்பதையும் முடிவு செய்ய வேண்டும். குழுக்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். இந்தப் புராஜெக்ட்டில் அது எப்படி வரும் என்பதற்கு முருங்கைக்காயைப் பார்ப்போம்.

உழவர் சந்தையில் அன்றன்றைய விலையை எழுதிய பலகை இருக்கிறது; விலை கிலோவுக்கு. கார்த்திக் அதைக் குறித்துக்கொள்கிறான். தள்ளுவண்டிக்குப் போனால், "மூணு இருபது ரூபா தம்பி" என்கிறார் வண்டிக்காரர். கார்த்திக் அதையும் அப்படியே குறித்துக்கொள்கிறான். ஒரு வாரம் கழித்துச் செல்வி அட்டவணை போட உட்காரும்போது ஒரு கட்டத்தில் கிலோ, பக்கத்துக் கட்டத்தில் எண்ணிக்கை. "டேய், வண்டில முருங்கைக்கா கிலோ எவ்வளவுடா?" என்று போனில் கேட்டால் கார்த்திக்கால் பதில் சொல்ல முடியாது. அந்தக் காய்கள் எவ்வளவு கனம் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆறு நாள் காலை எழுந்து போனதில் ஐந்தில் ஒரு பங்கு வீண்.

முதல் நாளே இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து வெற்று அட்டவணை ஒன்றை வரைந்திருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும். தினமும் மூன்று காயை வாங்கி வீட்டில் எடை போட வேண்டும். மூன்றும் சேர்ந்து 250 கிராம், விலை 20 ரூபாய் என்றால் கிலோ 80 ரூபாய். அது முடியாதென்றால் முருங்கையை விட்டுவிட்டு, இரண்டு இடத்திலும் எடை போட்டு விற்கும் அவரைக்காயை எடுத்துக்கொள்ளலாம். தக்காளியில் நாட்டுத் தக்காளியா, ஹைபிரிட்டா என்பதையும் அப்போதே எழுதி வைக்க வேண்டும். இரண்டு இடத்து விலையையும் ஒரே காலையில், ஒரு மணி நேர இடைவெளிக்குள் எடுக்க வேண்டும். காலையில் சந்தையிலும் மாலையில் வண்டியிலும் எடுத்தால் ஒப்பிடுவது இடத்தையா, நேரத்தையா என்று வைவாவில் கேட்பார்கள்.

வெற்று அட்டவணையை முதலில் வரைவது கேள்வித்தாளுக்கும் பொருந்தும். வயதை எண்ணாகக் கேட்பதா, 20-30 என்று கட்டம் போடுவதா? ஆம், இல்லை என்பதை 1, 2 என்று ஏற்றுவதா? பதில் சொல்லாமல் விட்டால் 9 என்று போடுவதா, காலியாக விடுவதா? ஒருவர் மட்டும் ஏற்றினால் இதில் குழப்பம் வராது. ஆனால் 10-ம் தேதி செல்விக்கு முடியாமல் போய் கார்த்திக் இருபது தாள்களை ஏற்றினால், அவன் 'ஆம்' என்று எழுத்தில் அடித்து வைத்திருப்பான். ஆகவே விதிகளை அந்தத் தாளின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வித்தாளின் தலையிலும் பேனாவால் வரிசை எண் போட வேண்டும். கணினியில் அதே எண் முதல் கட்டத்தில் வரும். 37-வது வரிசையில் சந்தேகம் வந்தால் 37-வது தாளை உருவிப் பார்க்கலாம். எல்லாம் ஏறியதும் இரண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்:

```
=COUNTA(A2:A61)
=COUNTIF(F2:F61,1)+COUNTIF(F2:F61,2)+COUNTIF(F2:F61,9)
```

முதலாவது, தாள்கள் எத்தனை என்று சொல்லும். இரண்டாவது, ஒரு கேள்விக்கு விதிப்படி வந்த பதில்கள் எத்தனை என்று சொல்லும். இரண்டும் 60 என்று காட்ட வேண்டும். இரண்டாவது 58 என்றால் எங்கோ இரண்டு இடத்தில் யாரோ வேறு விதமாக ஏற்றியிருக்கிறார்கள். அதை 11-ம் தேதி கண்டுபிடித்தால் ஐந்து நிமிட வேலை. 22-ம் தேதி கண்டுபிடித்தால் எல்லா அட்டவணையும் மாறும், அவற்றை வைத்து எழுதிய ஆய்வுரையும் மாறும்.

தமிழில் அறிக்கை எழுதுபவர்களுக்கு இன்னொரு ஒட்டு இருக்கிறது: எழுத்துரு. மலர் போனில் யூனிகோடில் அடிக்கிறாள். பிரபு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டிடிபி கடையில் பாமினியில் அடித்து வாங்கி வருகிறான். இரண்டையும் ஒரே கோப்பில் ஒட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துருவைக் கொடுத்தால் பிரபுவின் இயல் முழுக்க `jkpo;` என்பது போல ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். அது 'தமிழ்' என்ற சொல்தான். பாமினி எழுத்துரு இருந்தால் மட்டுமே அப்படித் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆனால் நடுவில் வரும் எண்கள், ஆங்கிலப் பெயர்கள், நிறுத்தக் குறிகள் அந்த மாற்றத்தில் சிதையும். உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். முதல் நாளே யூனிகோட் என்று முடிவு செய்துவிட்டால் தொல்லை இல்லை.

இப்படிப்பட்டவற்றை எவ்வளவு யோசித்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். அதற்குத்தான் 15-ம் தேதி ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் ஒத்திகை. ஒவ்வொருவரும் அதுவரை எழுதியதில் ஒரு பக்கம், ஓர் அட்டவணை, ஒரு படம், இரண்டு மேற்கோள்கள் கொண்டுவந்து ஒரே கோப்பில் ஒட்டிப் பார்க்கிறார்கள். எழுதியது நன்றாக இருக்கிறதா என்று அன்று பார்க்க வேண்டாம். ஒட்டுகிறதா என்று பார்த்தால் போதும். இதைச் செய்த குழுவின் கடைசி நாளும் செய்யாத குழுவின் கடைசி நாளும் ஒன்றுபோல இருக்காது. எனக்கு நேரமே இல்லை, எதையாவது ஒன்றை விட்டுவிட வேண்டும் என்று ஒரு குழு கேட்டால், நான் விடச் சொல்லும் கடைசிப் பொருள் இந்த அரை மணி நேரம்தான்.

"முடிச்சிட்டேன், அனுப்பறேன்"

கெடு என்பது தேதி மட்டும் அல்ல. "14-ம் தேதிக்குள்ள முடிச்சிடு" என்றால் ஒருவருக்கு அது 14 காலை, இன்னொருவருக்கு 14 நள்ளிரவு. அட்டவணை முடிந்தது என்றால் என்ன? எண்கள் வந்துவிட்டதா, தலைப்பும் எண்ணும் போட்டு முடிந்ததா? "14-ம் தேதி இரவு 8 மணிக்கு, எட்டு அட்டவணைகளும் தலைப்போடு பொதுக் கோப்புறையில்" என்று எழுதினால்தான் அது கெடு.

ஒரு வேலை சிக்கலில் இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது வாட்ஸ்அப் குழுவில் வரும் அந்தச் செய்திதான்: "முடிச்சிட்டேன், கொஞ்சம் கரெக்‌ஷன் இருக்கு, அனுப்பறேன்." கோப்பு வராது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. பாதி எழுதியதைக் காட்டக் கூச்சம். எனவே கெடு வந்ததும், இருக்கிறது இருக்கிறபடி கோப்புறைக்கு வந்துவிட வேண்டும் என்பது பொது விதியாக இருக்கட்டும். பாதி அட்டவணை கண்ணெதிரே இருந்தால் துணை ஆள் தொடர முடியும். முழுதாக வரும் என்று சொல்லப்படும் அட்டவணையை வைத்து எதுவும் செய்ய முடியாது. கெடு தாண்டி ஒரு நாள் ஆகியும் எதுவும் வரவில்லையென்றால் துணை ஆள் எடுத்துக்கொள்கிறார். அதற்கு ஈடாக அவர் வேலையில் ஒன்றை மற்றவர் வாங்கிக்கொள்கிறார். இதை முதல் நாளே பேசி வைத்திருந்தால் அந்த நேரத்தில் அது அவமானமாகத் தெரியாது.

சர்வே பின்தங்கினால் செய்யக் கூடாத ஒரு காரியம் உண்டு. 8-ம் தேதி மதியம் 48 தாள்தான் நிரம்பியிருக்கிறது. இன்னும் பன்னிரண்டு வேண்டும். விடுதி அறையில் உட்கார்ந்து நாமே நிரப்பிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். நிரப்பிய தாள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது தெரியும். ஒரே பேனா, ஒரே அழுத்தம். எல்லாருக்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும். விட்டுப்போனது, அடித்துத் திருத்தியது எதுவும் இருக்காது. அது தெரியாமலே போனாலும்கூட, சந்தைக்கு வந்து நின்று பதில் சொன்ன 48 பேரின் பேச்சை அந்தப் பன்னிரண்டு பொய்த் தாள்கள் கெடுத்துவிடுகின்றன. 14-ம் தேதி மறுபடி போகலாம். அதற்காகத்தானே அந்த வார இறுதி. அதுவும் முடியாவிட்டால் 48 பேர் என்றே எழுதி, ஏன் குறைந்தது என்பதை வரையறைகள் பகுதியில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். குறைந்த எண்ணிக்கையை எந்தப் பேராசிரியரும் தப்பு என்று சொல்ல மாட்டார்.

22-ம் தேதி, ஞாயிறு

19, 20 தேதிகளில் ஒவ்வொருவரும் வேறொருவர் எழுதியதைப் படித்திருக்கிறார்கள். 21 சனிக்கிழமை காலியாக விடப்பட்ட நாள்; ஏதாவது பின்தங்கியிருந்தால் அன்று முடியும். 22 காலை ஒன்பதரைக்கு நால்வரும் ஒரே இடத்தில் கூடும்போது புதிதாக எழுத எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. சேர்க்கும் நாளில் ஒரு பத்தியைப் புதிதாக எழுத ஆரம்பித்தால், அதற்காக மற்ற மூவரும் காத்திருப்பார்கள்.

நான்கு பேர் நான்கு மடிக்கணினியில் ஒரே அறிக்கையைத் திருத்துவது வேகமாகத் தெரியும். மதியத்துக்குள் எது கடைசிப் பிரதி என்றே தெரியாமல் போகும். `final`, `final2`, `final_new` என்று மூன்று கோப்புகள் நிற்கும். விசைப்பலகை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். நம் குழுவில் அது கார்த்திக். மலர் உரக்கப் படிக்கிறாள். படிப்பதில் எண் வரும்போதெல்லாம் செல்வி அதை அட்டவணையோடு ஒத்துப் பார்க்கிறாள். பிரபு கையில் மேற்கோள் பட்டியல். பெயர் வரும்போதெல்லாம் அது பட்டியலில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறான். நாற்பது பக்கம் படிக்க இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். கண்ணால் படித்தால் தப்பிவிடும் பிழைகள் காதில் விழுந்துவிடும். ஆய்வுரையில் 62 சதவீதம் என்றும் முடிவுரையில் 'பாதிப் பேர்' என்றும் வருவது இப்படித்தான் பிடிபடும். ஓர் இயலில் 'நுகர்வோர்', இன்னொன்றில் 'வாடிக்கையாளர்', மூன்றாவதில் 'வாங்குபவர்' என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பதும் அப்போதுதான் தெரியும்.

வடிவமைப்பை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகுதான் தொட வேண்டும். மற்றவர்களின் பகுதியை ஒட்டும்போது `Keep Text Only` என்று ஒட்டினால் அவரவர் கோப்பிலிருந்த எழுத்து அளவு, வரி இடைவெளி எதுவும் கூடவே வராது. இயல் தலைப்புகளுக்கு `Heading 1`, உள்தலைப்புகளுக்கு `Heading 2` கொடுத்துவிட்டால் பொருளடக்கத்தை வேர்டே போட்டுத் தரும். பக்கம் மாறினால் அதன்மேல் சொடுக்கி `F9` அழுத்தினால் எண்கள் தாமாகத் திருந்தும். பொருளடக்கத்தைக் கையால் அடித்தவர்கள் ஒரு பத்தி கூடும்போதெல்லாம் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். கடைசியாகக் கோப்பை பிடிஎஃப் ஆக மாற்ற வேண்டும். அச்சுக் கடைக் கணினியில் நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வேர்டு கோப்பில் வரிகள் இடம் மாறி, முப்பதாம் பக்கத்து அட்டவணை இரண்டாக உடையும். பிடிஎஃப் அப்படி ஆகாது.

சேர்க்கும் நாளுக்கும் சமர்ப்பிக்கும் நாளுக்கும் நடுவில் இரண்டு வேலை நாள் விட்டதற்கும் காரணம் இருக்கிறது. 23 திங்களன்று வழிகாட்டும் பேராசிரியர் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். ஏதாவது மாற்றச் சொல்வார். 24 அன்று அச்சும் பைண்டிங்கும். சான்றிதழ்ப் பக்கத்தில் பேராசிரியரும் துறைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துறைத் தலைவர் அன்று கூட்டத்தில் இருப்பார். வகுப்பில் இருக்கும் எல்லாக் குழுக்களும் அதே கதவுக்கு வெளியே நிற்கும்.

வைவாவில் எந்தக் கேள்வி யாரிடம் வரும் என்று சொல்ல முடியாது. அட்டவணை போடாத பிரபுவிடம், தள்ளுவண்டியில் முருங்கைக்காய் கிலோ விலையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்பார்கள். 19-ம் தேதி அவன் செல்வியின் இயலைப் படித்திருந்தால் எடைக் கணக்கைச் சொல்லிவிடுவான். யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி அறிக்கையின் பின்னிணைப்பில் வைத்துவிடலாம். சில துறைகளில் அதை அவர்களே கேட்கிறார்கள். நிரப்பிய கேள்வித்தாள் கட்டை வைவா முடியும்வரை தூக்கிப் போடாமல், வரிசை எண் மாறாமல் ஒரு நூலால் கட்டி, அன்று அதைச் செல்வி கையோடு எடுத்துப் போகட்டும்.